பாதி போனால் இரட்டிப்பாக வேண்டும்: ட்ரோடவுன் என்ற கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பங்குச் சந்தை, போரெக்ஸ், கிரிப்டோ என்று எதிலாவது காசு போட்டவர்கள் ஒரு கேள்வியை அடிக்கடி எங்களிடம் கேட்கிறார்கள். "கணக்கில் 50% போச்சு. திரும்ப 50% எடுத்தால் சரிதானே?" சரியில்லை. 100% எடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் பலர் நம்புவதில்லை. கணிதம் படிப்பிக்கிற நாங்கள் ஏதோ வித்தை காட்டுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

வித்தை ஒன்றும் இல்லை. 10 இலட்சம் ரூபா இருந்தது, 50% போனது, மிச்சம் 5 இலட்சம். இப்போது 50% இலாபம் வருகிறது. எதில் 50%? கையில் இருக்கும் 5 இலட்சத்தில். அது 2.5 இலட்சம். மொத்தம் 7.5 இலட்சம்தான். பழைய 10 இலட்சத்துக்கு வர இன்னும் 2.5 இலட்சம் வேண்டும். அந்த 5 இலட்சம் தன்னைத் தானே ஒருமுறை முழுதாகப் பெற்றெடுத்தால்தான் 10 ஆகும். அதுதான் 100%.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே வேறு உருவத்தில் கொடுப்போம். ஒரு சட்டையின் விலையை 20% கூட்டி, பிறகு 20% குறைத்தால் விலை பழையபடி வருமா? வகுப்பில் பாதிப்பேர் "வரும் சேர்" என்பார்கள். 1,000 ரூபா 1,200 ஆகி, பிறகு 960 ஆவதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் அமைதி வரும். சதவீதம் என்று யார் சொன்னாலும் "எதன் சதவீதம்?" என்று கேட்கப் பழக்குகிறோம். பெரியவர்களுக்கு வரும் சிக்கலும் இதே இடத்தில்தான். நட்டத்தின் சதவீதம் பெரிய தொகையில் கணிக்கப்படுகிறது, மீட்சியின் சதவீதம் சுருங்கிய தொகையில் கணிக்கப்படுகிறது.

சூத்திரமாக எழுதினால் ஒரே வரி. நட்டத்தைத் தசமத்தில் d என்று வைத்தால், மீள்வதற்குத் தேவையான இலாபம்:

d / (1 − d)

10% போனால் 11.1% வேண்டும். அது பெரிய வித்தியாசம் இல்லை, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். 20% போனால் 25%. 30% போனால் ஏறத்தாழ 43%. 50% போனால் 100%. 75% போனால் 300%. 90% போனால் 900%. மேலே நட்டம் படிப்படியாக ஏறுகிறது, கீழே தேவை பாய்ந்து பாய்ந்து ஏறுகிறது. காரணம் அந்த வகுத்தலின் கீழ்ப்பகுதி. நட்டம் கூடக் கூட, வகுக்கும் எண் பூச்சியத்தை நோக்கிப் போகிறது. 50% நட்டம் என்பது 25% நட்டத்தின் இரு மடங்கு என்று மனம் சொல்லும். ஏற வேண்டிய தூரத்தைப் பார்த்தால் ஒன்று 33%, மற்றது 100%. மூன்று மடங்கு.

இதைக் காலமாகவும் மாற்றிப் பார்க்கலாம். பாதியாகிப்போன கணக்கு மாதம் 2% வீதம் ஒரு மாதமும் தவறாமல் வளர்ந்தாலும், பழைய இடத்துக்கு வர ஏறத்தாழ 35 மாதம். வருடத்துக்கு 12% என்றால் 6 வருடத்துக்கு மேல். இவ்வளவு காலமும் உழைத்துக் கிடைப்பது இலாபம் அல்ல, பழைய தொகை மட்டும்தான். அதற்கிடையில் அரிசி விலை எங்கே போயிருக்கும் என்பதை எங்கள் நாட்டில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

இனி ட்ரோடவுன். ஒரு கணக்கு தான் தொட்ட உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் ட்ரோடவுன். கணக்கின் முழு வரலாற்றிலும் இப்படி இறங்கியவற்றில் மிக ஆழமானது மெக்சிமம் ட்ரோடவுன். கணிப்பது இலகு. ஒரு கொப்பியில் நிரல்களாக எழுதுங்கள். முதல் நிரலில் ஒவ்வொரு மாத முடிவிலும் இருந்த தொகை. இரண்டாவது நிரலில் அதுவரை கண்ட மிகப் பெரிய தொகை. இந்த இரண்டாவது நிரல் ஏறும் அல்லது நிற்கும், ஒருபோதும் இறங்காது. மூன்றாவது நிரலில், உச்சத்திலிருந்து இன்றைய தொகையைக் கழித்து, வந்த விடையை உச்சத்தால் வகுத்து எழுதுங்கள். அந்த மூன்றாவது நிரலில் உள்ள மிகப் பெரிய எண்தான் நீங்கள் தேடுவது.

ஏன் ஆரம்பத் தொகையிலிருந்து அளக்காமல் உச்சத்திலிருந்து அளக்கிறார்கள்? நாங்கள் நேரில் பார்த்த ஒரு கணக்கைச் சொன்னால் விளங்கும்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், அவரும் ஆசிரியர்தான், சம்பளத்தில் கழிக்கிற கடனொன்றை எடுத்து ஒரு ட்ரேடிங் குரூப்பில் போட இருந்தார். குரூப்பை நடத்துபவர் தன் கணக்கின் அறிக்கையை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மெட்டாட்ரேடர் 4 என்ற செயலி தரும் அறிக்கை. தம்பி அதை எங்களிடம் காட்டி, "சேர், மாசத்துக்கு அவரேஜ் 6% எண்டு சொல்றாங்க. ட்ரோடவுனும் ஸீரோ எண்டுதான் போட்டிரிக்கு. பயப்பட ஒண்டுமில்லதானே?" என்று கேட்டார்.

கடனின் மாதத் தவணை அவருடைய சம்பளத்தில் கணிசமான பங்கு. இரண்டு பிள்ளைகள். அதனால் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம். அதில் நிறைய வியாபாரங்கள் இருந்தன, தொகையும் டொலரில் இருந்தது. இங்கே அதே வடிவத்தை எளிய எண்களில் தருகிறோம். மாதத்துக்கு ஒரு வியாபாரம், ஆரம்பத் தொகை 100,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு மாதமும் 20% இலாபம். 100,000 முதலில் 120,000 ஆகிறது, பிறகு 144,000, பிறகு 172,800, நான்காம் மாத முடிவில் 207,360. ஐந்தாம் மாதம் 50% நட்டம். மிச்சம் 103,680.

இப்போது விளம்பரக்காரர் சொன்னதைப் பார்ப்போம். சராசரி: நான்கு இருபதுகள் 80, அதில் 50 போக 30, ஐந்தால் வகுத்தால் 6. மாதம் 6% என்பது கூட்டல் கழித்தல் கணக்கில் பொய் இல்லை. ஆனால் மாதம் 6% வீதம் ஐந்து மாதம் உண்மையிலேயே வளர்ந்திருந்தால் 100,000 ரூபா ஏறத்தாழ 133,800 ஆகியிருக்க வேண்டும். கணக்கில் இருப்பது 103,680. ஐந்து மாதத்துக்கும் சேர்த்து மொத்த வளர்ச்சி 3.68% மட்டும். காசு கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கிறது. 1.2 நான்கு முறை, பிறகு 0.5 ஒரு முறை. அந்த 0.5 எந்த இடத்தில் வந்தாலும் விடை ஒன்றுதான், முதல் மாதமே வந்திருந்தாலும் 103,680தான். நட்டமான மாதங்கள் இருக்கும் எந்தக் கணக்கிலும் சாதாரண சராசரி உண்மையை விட அழகாகத்தான் தெரியும். ஏற்ற இறக்கம் பெரிதாகப் பெரிதாக அந்த இடைவெளியும் பெரிதாகும்.

அடுத்தது "ட்ரோடவுன் ஸீரோ". இங்கேதான் தம்பி ஏமாற இருந்தார். அந்த அறிக்கையின் அடியில் மூன்று வரிகள் இருக்கும். Absolute Drawdown, Maximal Drawdown, Relative Drawdown. பெயரைப் பார்த்தால் முதலாவதுதான் முழுமையானது, முக்கியமானது என்று தோன்றும். அது அளப்பது வேறொன்றை. கணக்கு தன் ஆரம்ப வைப்புத் தொகைக்குக் கீழே எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எங்கள் உதாரணத்தில் கணக்கு 100,000க்குக் கீழே ஒருநாளும் போகவில்லை. ஆகவே Absolute Drawdown பூச்சியம். பாதிக் கணக்கு ஒரே மாதத்தில் எரிந்து போயிருக்கிறது, அறிக்கையின் அந்த வரி பூச்சியம் என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

Maximal Drawdown உச்சத்திலிருந்து விழுந்த தொகையைக் காசாகச் சொல்லும், பக்கத்தில் சதவீதமும் இருக்கும். இங்கே 103,680, அதாவது 50%. Relative Drawdown சதவீதத்தில் மிகப் பெரிய வீழ்ச்சியைச் சொல்லும். இந்த உதாரணத்தில் இரண்டும் ஒரே வீழ்ச்சியைத்தான் காட்டுகின்றன. எப்போதும் அப்படி இருக்காது. கணக்கு சிறிதாக இருந்த ஆரம்ப நாட்களில் 60% விழுந்து, பின்னர் புதுக் காசு போட்டுப் பெரிதாக்கிய பிறகு 15% விழுந்திருந்தால், காசில் பெரியது பின்னையது, சதவீதத்தில் பெரியது முன்னையது. நடத்துபவரின் கை எவ்வளவு துணிகிறது என்று அறிய விரும்புகிறவர் Relative வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதோடு Deposit/Withdrawal என்ற வரியையும் பார்க்க வேண்டும். வீழ்ச்சிக்குப் பிறகு வெளியிலிருந்து காசு போட்டுத் தொகையை மேலே தூக்கியிருந்தால் அங்கே தெரியும்.

தம்பியின் கையில் இருந்த ஸ்க்ரீன்ஷொட்டில் முதல் வரி மட்டும்தான் தெரிந்தது. மற்ற இரண்டும் வெட்டுப்பட்டிருந்தன. முழு அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து வந்தது. Relative வரியில் இருந்த எண் 50ஐ விடக் கூட.

உச்சத்திலிருந்து ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இப்படியான குரூப்பில் புது ஆட்கள் எப்போது சேருகிறார்கள்? முதல் மாதம் யாருக்கும் தெரியாது. இரண்டாம் மாதம் நாலு பேர். நான்கு மாதம் தொடர்ந்து 20% என்று பதிவு போட்ட பிறகுதான் கூட்டமாக வருகிறார்கள். நாலாம் மாத முடிவில் 10 இலட்சம் போட்டவருக்கு ஐந்தாம் மாத முடிவில் 5 இலட்சம். நடத்துபவர் ஆரம்பத்திலிருந்து இருப்பவர், அவர் இன்னும் 3.68% இலாபத்தில் நிற்கிறார். உச்சத்தில் வந்தவரின் நட்டத்தைச் சொல்லும் எண் மெக்சிமம் ட்ரோடவுன் ஒன்றுதான். நீங்கள் எந்த நாளில் சேருவீர்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே மிக மோசமான நாளில் சேர்ந்தவரின் இடத்தில் உங்களை வைத்துப் பார்ப்பதே நியாயமான அளவு.

இன்னொன்றும் உண்டு. இந்த வகை அறிக்கை மூடிய வியாபாரங்களை வைத்தே ட்ரோடவுனைக் கணிக்கிறது. நட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரத்தை மூடாமல் வைத்திருந்தால் அது அந்த மூன்று வரிகளில் சேராது. Balance என்ற எண் அப்படியே நிற்கும், Equity என்ற எண் மட்டும் கீழே இறங்கியிருக்கும். வித்தியாசம் Floating P/L என்ற வரியில் கிடக்கும். நட்டத்தை மூடவே மாட்டேன், விலை திரும்பி வரும்வரை வைத்திருப்பேன் என்று நடத்துகிறவரின் வரைபடம் மிக அழகாக, படிக்கட்டு மாதிரி மேலே போகும். ஒருநாள் கணக்கில் மார்ஜின் போதாமல் புரோக்கர் தானாகவே எல்லாவற்றையும் மூடிவிடுவார், அதற்கு ஸ்டொப் அவுட் என்று பெயர். அன்றைக்குத்தான் அந்தப் படிக்கட்டு கிணறாகும். எனவே மிக நேரான கோட்டைக் கண்டால் எங்களுக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் வருகிறது. Balance, Equity இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

(இது ஹலாலா, ஹராமா, கடன் வாங்கிய லெவரேஜில் செய்வது கூடுமா என்று கேட்டு யாரும் கமெண்டில் சண்டை பிடிக்க வேண்டாம். அது உலமாக்களிடம் கேட்க வேண்டியது. நாங்கள் இங்கே பெருக்கல் மட்டும் செய்கிறோம்.)

ஒரு கணக்கு எப்படிப் பாதியாகிறது? பெரும்பாலும் ஒரு பெரிய இடி விழுந்து அல்ல. ஒவ்வொரு வியாபாரத்திலும் எவ்வளவு பணயம் வைக்கிறோம் என்பதால். கணக்கில் உள்ளதில் 10% வீதம் ஒவ்வொரு முறையும் இழக்கத் தயாராக இருப்பவர், தொடர்ந்து 7 முறை தோற்றால் 10 இலட்சம் ஏறத்தாழ 478,000 ஆகிவிடும். மீள 109% வேண்டும். அதே 7 தோல்வியை 1% பணயம் வைப்பவர் சந்தித்தால் அவரிடம் 932,000 இருக்கும். மீள 7.3% போதும். இருவரும் ஒரே சந்தையில், ஒரே தவறான பக்கத்தில், ஒரே எண்ணிக்கையில் தோற்றவர்கள்.

"ஏழு முறை தொடர்ந்து தோற்க நான் என்ன அவ்வளவு மடையனா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நாணயத்தை எடுத்து நூறு முறை சுண்டச் சொல்லுங்கள். நூறு சுண்டலுக்குள் எங்காவது ஏழு பூ தொடர்ந்து விழுவதற்கான நிகழ்தகவு மூன்றில் ஒன்றை விடக் கொஞ்சம்தான் குறைவு. அது மடமையால் நடப்பதல்ல. வெற்றியும் தோல்வியும் பாதிக்குப் பாதியாக இருக்கும் ஒருவர் நூறு வியாபாரம் செய்தாலே மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு அந்த ஏழு வரும்.

பாதியான பிறகு நடப்பதுதான் இன்னும் மோசம். இங்கே பலர் கவனிக்காத ஒரு விசயம் உண்டு. 10 இலட்சம் இருந்தபோது ஒரு வியாபாரத்தில் 1 இலட்சம் பணயம் வைத்தவர், கணக்கு 5 இலட்சமான பிறகும் அதே 1 இலட்சத்தை வைக்கிறார். "நான் கூட்டவில்லையே, பழைய அளவில்தானே செய்கிறேன்" என்பார். முன்பு அது 10%, இப்போது 20%. அவர் ஒன்றும் செய்யாமலே ஆபத்து இரட்டிப்பாகிவிட்டது. இன்னும் ஐந்து தோல்வியில் கணக்கு பூச்சியம். இதில் 100% எடுக்க வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்து பணயத்தை 2 இலட்சமாக்கினால், மூன்றாவது தோல்வியைத் தாங்கக்கூடக் காசு இருக்காது. சதவீதத்தில் பணயம் வைப்பவரின் கணக்கு சுருங்கும்போது பணயமும் தானாகச் சுருங்கும். ரூபாவில் வைப்பவருக்கு அந்தத் தடுப்பு இல்லை.

மாதச் சம்பளக்காரருக்கு இன்னொரு வழியிலும் அடி விழும். கணக்கு 5 இலட்சமாக இருக்கும் நேரம் பிள்ளையின் செலவுக்கு 50,000 எடுக்கிறார் என்று வையுங்கள். மிச்சம் 450,000. எடுத்துச் செலவழித்த 50,000ஐ நட்டமாகக் கணக்கெடுக்காமல், 950,000க்குத்தான் வர வேண்டும் என்று நியாயமாகவே வைத்தாலும், தேவையான இலாபம் 100% அல்ல, 111%. அதே 50,000ஐ உச்சத்தில் இருந்தபோது எடுத்திருந்தால் 950,000 பாதியாகி 475,000 ஆகியிருக்கும், மீள 100%தான். கடன் தவணையைக் கணக்கின் இலாபத்திலிருந்தே கட்டலாம் என்று தம்பி திட்டம் போட்டிருந்தார். தவணை, கணக்கு ஏறுகிற மாதம் இறங்குகிற மாதம் என்று பார்க்காது. பள்ளத்தில் இருக்கும்போதும் ஒவ்வொரு மாதமும் காசை எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏற வேண்டிய தூரம் கூடும். இதை அவருடைய தவணைத் தொகையை வைத்தே எழுதிக் காட்டினோம். கடன் விண்ணப்பத்தை அவர் கொடுக்கவில்லை. குரூப்பில் சிறு தொகையொன்றை மட்டும், போனாலும் வீட்டுக்குத் தெரியாத அளவில், போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அது அவருடைய முடிவு.

மெக்சிமம் ட்ரோடவுனுக்கும் ஓர் எல்லை உண்டு. அது நடந்து முடிந்ததை மட்டும் சொல்லும். ஒரு கணக்கின் வயது கூடக் கூட அந்த எண் கூடும் அல்லது நிற்கும், குறையவே குறையாது. அதனால் ஐந்து மாதக் கணக்கின் 8% ட்ரோடவுனையும், பதினைந்து வருடக் கணக்கின் 35% ட்ரோடவுனையும் பக்கத்தில் வைத்து முதலாவது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. முதலாவது இன்னும் மழையைப் பார்க்காத கூரை.

நீண்ட வயதுள்ள ஒன்றைப் பார்க்க விரும்புவோருக்கு யப்பானின் நிக்கேய் 225 சுட்டெண். தனி ஒருவரின் கணக்கு அல்ல, லெவரேஜ் இல்லை, மோசடி இல்லை, 225 பெரிய கம்பெனிகளின் பங்கு விலை. 1989 டிசம்பர் 29 அன்று 38,915.87 புள்ளியில் முடிந்தது. காணியும் பங்கும் சேர்ந்து வீங்கியிருந்த காலம். யப்பான் மத்திய வங்கி 1989 மே மாதத்தில் 2.5% ஆக இருந்த தன் கழிவு வீதத்தை 1990 ஓகஸ்டில் 6% வரை உயர்த்தியது. 1990 ஒக்டோபர் ஆரம்பத்தில் சுட்டெண் ஏறத்தாழ பாதி. அந்த இடத்தில் "இதற்கு மேல் எங்கே விழப்போகிறது" என்று வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள். 50% விழுந்தது மறுபடி 50% விழலாம், அது மொத்தத்தில் 75%. அதுவும் நடந்தது, அதைத் தாண்டியும் போனது.

2003 ஏப்ரலில் ஏறத்தாழ 7,600. அங்கிருந்து 2007 நடுப்பகுதியில் 18,200ஐத் தாண்டியது. ஏறத்தாழ 140% ஏற்றம். அந்த நான்கு வருடத்துச் செய்தியை மட்டும் வாசித்தவருக்கு அது பெரும் செழிப்பு. 1989 முடிவில் வாங்கியவருக்கோ, 140% ஏறிய பிறகும் கையில் இருப்பது போட்டதில் பாதிக்கும் குறைவு. பிறகு உலக நிதி நெருக்கடி வந்து, 2009 மார்ச் 10 அன்று 7,054.98. உச்சத்திலிருந்து 81.9% வீழ்ச்சி. அதுதான் அதன் மெக்சிமம் ட்ரோடவுன். அங்கிருந்து பழைய உச்சத்துக்கு ஏற வேண்டியது ஏறத்தாழ 452%.

ஏறியது. 2024 பெப்ரவரி 22 அன்று 39,098.68 புள்ளியில் முடிந்து பழைய உச்சத்தைத் தாண்டியது. 34 வருடம். 26 வயதில் ஆசிரியர் நியமனம் கிடைத்த வருடம் போட்ட காசு, 60 வயதில் ஓய்வு பெறும்போது போட்ட இடத்துக்கு வந்து நிற்கிறது.

இதில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். சுட்டெண்ணில் பங்கிலாபம் சேராது, அதையும் சேர்த்து மறுபடி முதலிட்டவர் 2024க்கு முன்பே மீண்டிருப்பார். உச்ச நாளில் மொத்தமாகப் போடாமல் மாதாமாதம் சிறிது சிறிதாக வாங்கி வந்தவரின் கதையும் வேறு, அவர் வாங்கியதில் பெரும்பகுதி 20,000க்கும் குறைந்த விலையில் வாங்கியதாக இருக்கும். மாதாமாதம் வாங்குபவரின் ட்ரோடவுனைக் கணிக்கும்போது புதிதாகப் போட்ட காசைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வைப்புத் தொகையே இலாபம் மாதிரித் தெரியும். அதற்கான நிரல்களை எக்செலில் போட்டு வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்பிவிடுகிறோம் இன்ஷா அல்லாஹ்.